முருங்கைக்கீரைப் பொரியல் செய்முறை: தட்டுக்கு உண்மையில் வந்து சேரும் சத்து என்ன?

வேலூர்ப் பக்கம் கேழ்வரகுக் களி கிண்டும் வீடுகளில் முருங்கைக்கீரை அடிக்கடி சமைப்பார்கள். கூடவே "இரும்புச்சத்துக்கு இதுவே போதும்" என்ற பேச்சும் வரும். கீரையில் சத்து நிறையவே இருக்கிறது, ஆனால் அதன் பெரும்பலம் இரும்பு அல்ல. நாலு பேருக்கு ஒரு பொரியல் செய்துகொண்டே கணக்கைப் பார்ப்போம்.

1. இலையை உருவுதல்

உருவிய இலை 100 கிராம் வேண்டும். அழுத்தாமல் அள்ளினால் ஒரு பெரிய கிண்ணம் நிறைய வரும். கொத்தைத் துணியில் சுற்றி இரவு முழுக்க வைத்தால் காலையில் இலை தானாக உதிரும். வேலை மிச்சம்தான், ஆனால் இலை வாட வாட வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும். பறித்த அன்றே கையால் உருவிவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. இளங்காம்பு இருக்கலாம், நார்க்காம்பை எடுத்துவிடுங்கள். கழுவிய பிறகு நன்றாக வடியவிடுங்கள்.

2. தாளித்து வதக்குதல்

அகலமான வாணலியில் கடலை எண்ணெய் 3 தேக்கரண்டி ஊற்றுங்கள். கடுகு, ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, 2 காய்ந்த மிளகாய், நசுக்கிய பூண்டு 3 பல், நறுக்கிய சின்ன வெங்காயம் 10 என்று வரிசையாகப் போட்டு வதக்குங்கள்.

எண்ணெயைக் குறைக்க வேண்டாம். முருங்கை இலை நமக்குத் தரும் மிகப் பெரிய சத்து பீட்டா கரோட்டின். உடல் இதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. இது கொழுப்பில் கரைவது. எண்ணெயே இல்லாமல் அவித்துச் சாப்பிட்டால் குடல் இதைக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும்.

3. கீரையை வேகவைத்தல்

இலையைப் போட்டு உப்பு சேர்த்து, கால் டம்ளர் தண்ணீர் தெளியுங்கள். மூடாமல் மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் வேகட்டும். கரண்டியின் காம்பால் கிளறினால் இலை உருண்டை கட்டாது. ஒரு இலையை மென்று பாருங்கள். நார் போல நின்றால் இன்னும் இரண்டு நிமிடம் விடுங்கள். பச்சை போய்ப் பழுப்படித்தால் அதிகம் வெந்துவிட்டது, கசப்பும் தெரியும். தண்ணீரை அளவாகத் தெளித்தால் வடித்துக் கொட்ட வேண்டியிருக்காது. கொட்டினால் ஃபோலேட்டும் மீதி வைட்டமின் சி-யும் அதோடு போய்விடும்.

4. வேர்க்கடலையும் எலுமிச்சையும்

வறுத்துக் கரகரப்பாகப் பொடித்த வேர்க்கடலை 3 மேசைக்கரண்டி தூவி இறக்குங்கள். நம்ம ஊர் மல்லாட்டை கசப்பை அடக்கும், புரதமும் கொழுப்பும் சேர்க்கும். எலுமிச்சையை இறக்கிய பிறகு, தட்டில் பிழிந்துகொள்ளுங்கள். சூட்டில் வைட்டமின் சி அழியும்.

சரி, ஒருவருக்கு என்ன கிடைத்தது?

ஆளுக்கு 25 கிராம் இலை. அதில் இரும்பு ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். வயது வந்த பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன அன்றாட அளவு 29 மில்லிகிராம். அந்த ஒரு மில்லிகிராமும் முழுதாக உடலில் சேராது. கீரையின் பாலிஃபீனாலும் கேழ்வரகின் பைட்டேட்டும் பெரும்பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எலுமிச்சை இந்தப் பிடியைத் தளர்த்தும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பிடி இறுகும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். ரத்தசோகை என்று பரிசோதனையில் தெரிந்தால் மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை மட்டும் நம்பக் கூடாது.

வைட்டமின் ஏ கணக்கு வேறு. இதே 25 கிராம் இலையில் அன்றாடத் தேவையின் பாதியை நெருங்கும் அளவு உண்டு. சமைக்கும்போது கொஞ்சம் போனாலும் பெரும்பகுதி நிற்கும். கால்சியம் 75 மில்லிகிராம் பக்கம் வரும். ஆனால் அதில் ஒரு பங்கை ஆக்சலேட் கட்டிவைத்திருக்கும், சிறுகீரை, தண்டுக்கீரையிலும் இதே கதைதான். அப்புறம், பி12 எந்தக் கீரையிலும் கிடைக்காது. அதற்குப் பால், தயிர், முட்டை, மீன்தான் வழி.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இதிலுள்ள வைட்டமின் கே மருந்தோடு மோதும், அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காய் இலைக்கு மாற்றா?

இல்லை. முருங்கைக்காயில் பீட்டா கரோட்டின் மிகக் குறைவு. இரும்பும் 100 கிராமுக்கு 1 மில்லிகிராமைத் தொடாது, அதிலும் தோலை நாம் மென்று துப்பிவிடுகிறோம். காயில் கிடைப்பது வைட்டமின் சி-யும் நார்ச்சத்தும். கொதிக்கும்போது வைட்டமின் சி-யின் ஒரு பங்கு குழம்பில் இறங்கும். அதனால் முள்ளுக் கத்திரிக்காயோடு போட்டுக் குழம்பு வைத்தால், துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் குழம்பையும் களியில் ஊற்றிச் சாப்பிடுங்கள். புளி கரைத்து ஊற்றும் முன்பே காயை முக்கால் பதம் வேகவிடுங்கள், புளிப்பில் காய் மெதுவாகத்தான் வேகும்.