0.1 மைக்ரோஃபாரட் போட்டும் இரைச்சல் ஏன் அடங்கவில்லை: தன் ஒத்ததிர்வில் நேரும் தவறுகள்

மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகளில் பொருத்தியிருக்கும் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில், நானே செய்து திருத்திக்கொண்ட ஒரு தவறிலிருந்து இதைத் தொடங்குகிறேன். ஒரு படகில் 24 வோல்ட் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் கன்வர்ட்டரைப் போட்டவுடன், வயர்லெஸ்ஸில் யாரும் பேசாதபோது ஒலியை அடைத்து வைக்கும் ஸ்குவெல்ச் தானாகத் திறந்து 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் ஓயாமல் கேட்டது. தூரத்துப் படகுகளின் குரல் அதற்குள் அமுங்கிப் போனது. கன்வர்ட்டரை ஓடவிட்டபடியே செட்டுக்கு மட்டும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியைக் கொடுத்துப் பார்த்தபோது இரைச்சல் நின்றுவிட்டதால், அது ஆன்டெனா வழியாக அல்ல, மின்கம்பி வழியாகவே நுழைகிறது என்று தெரிந்தது. உடனே 0.1 மைக்ரோஃபாரட் டிஸ்க் மின்தேக்கி ஒன்றைச் செட்டின் மின் நுழைவில் பற்றவைத்தேன். "அண்ணே, இரைச்சல் அப்படியே இருக்கே!" என்றார் படகுக்காரர். அவர் சொன்னது சரிதான்.

என் கணக்கில் பிழை இல்லை. கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் பிழை. படகுகள் அழைப்புக்கும் அவசரத்துக்கும் பயன்படுத்தும் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. அந்த அதிர்வெண்ணில் 0.1 மைக்ரோஃபாரட் தரும் மின்மறுப்பு வெறும் 0.01 ஓம்தான். இரைச்சலுக்கு இதைவிட நல்ல வடிகால் வேண்டுமா என்று நினைத்தேன். ஆனால் நான் பற்றவைத்தது வெறும் மின்தேக்கி அல்ல. அதற்கு இரண்டு கால்கள் இருந்தன. மெல்லிய கம்பி ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 1 நானோஹென்றி மின்தூண்டலைக் கொண்டது. காலுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று விட்டிருந்த எனக்கு, 10 நானோஹென்றி கொண்ட ஒரு சுருள் அந்த மின்தேக்கியோடு தொடராக இலவசமாக வந்து சேர்ந்திருந்தது.

தொடரில் இருக்கும் இந்த இரண்டின் மறுப்புகளும் ஒன்றையொன்று எதிர்ப்பவை. மின்தேக்கியின் மறுப்பு அதிர்வெண் ஏற ஏறக் குறையும். சுருளின் மறுப்பு கூடும். இரண்டும் சமமாகும் இடமே அந்தப் பாகத்தின் தன் ஒத்ததிர்வு அதிர்வெண்.

```
f = 1 / (2π√(LC))
```

10 நானோஹென்றியையும் 0.1 மைக்ரோஃபாரடையும் இதில் இட்டால் விடை 5 மெகாஹெர்ட்ஸ். அந்தப் புள்ளியில் பாகம் மிகக் குறைந்த தடையாக நிற்கும். அதற்கு மேல் அது மின்தேக்கியாக நடந்துகொள்வதே இல்லை. 156.8 மெகாஹெர்ட்ஸில் 10 நானோஹென்றியின் மறுப்பு 9.85 ஓம். 0.01 ஓம் என்று எண்ணி நான் வைத்த வடிகால், உண்மையில் அதைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மறுப்புள்ள ஒரு சுருளாக அங்கே உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தில் பலர் அடுத்த தவறைச் செய்கிறார்கள், நானும் செய்தேன். 0.1 போதவில்லை என்று அதே நீளக் கால்களோடு 1 மைக்ரோஃபாரடைப் போட்டேன். ஒத்ததிர்வு 1.6 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கியதே தவிர, வி.எச்.எஃப்.பில் 9.85 ஓம் அப்படியே இருந்தது. அங்கே மறுப்பைத் தீர்மானிப்பது காலின் நீளம். மின்தேக்குத்திறனை எவ்வளவு கூட்டினாலும் அந்தத் தூண்டல் குறையாது.

ஆகவே கால்களையே ஒழிக்க வேண்டும். காலற்ற சிறிய சிப் மின்தேக்கியை நுழைவுத் தடத்துக்கும் அதன் அருகிலேயே உள்ள எர்த் செம்புக்கும் இடையே நேராகப் பற்றவைத்தால், பற்றவைப்பையும் சேர்த்து மொத்தத் தூண்டல் ஏறத்தாழ 1 நானோஹென்றியில் நிற்கும். இப்போது 1000 பிக்கோஃபாரடை எடுத்துக் கணக்கிட்டால் ஒத்ததிர்வு 159 மெகாஹெர்ட்ஸில் விழுகிறது. அதாவது 16ஆம் சேனலின் பக்கத்திலேயே. அங்கே இரு மறுப்புகளும் ஒன்றையொன்று கழித்துவிட, பாகத்துக்குள் இருக்கும் சிறு மின்தடை மட்டுமே மிஞ்சும். முதலில் போட்டதைவிட நூறு மடங்கு சிறிய மின்தேக்கியை வைத்த பிறகுதான் ஸ்குவெல்ச் மூடிக்கொண்டது. சி.ஓ.ஜி. வகை சிப்பையே தேர்ந்தெடுத்தேன். எக்ஸ்7ஆர் போன்ற வகைகளில் மின்னழுத்தம் ஏறினால் மதிப்பு இறங்கும், அதோடு ஒத்ததிர்வும் இடம் மாறும்.

மீட்டரை நம்பியதும் ஒரு தவறே. மேசையில் இருக்கும் எல்.சி.ஆர். மீட்டர் பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸிலோ 100 கிலோஹெர்ட்ஸிலோ அளக்கிறது. நீளக் காலுள்ள மின்தேக்கியை அதில் வைத்தால் 0.1 மைக்ரோஃபாரட் என்று துல்லியமாகவே காட்டும். அந்த அதிர்வெண்ணில் அது பொய்யும் அல்ல. ஒத்ததிர்வைக் காண, நானோ வி.என்.ஏ. போன்ற கருவியின் இரு முனைகளையும் இணைக்கும் தடத்திலிருந்து எர்த்துக்குப் பாகத்தைப் பற்றவைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று காட்டும் S21 வரைகோட்டைப் பார்க்க வேண்டும். கோடு எங்கே பள்ளமாக விழுகிறதோ அதுவே ஒத்ததிர்வு. 156.8 மெகாஹெர்ட்ஸில் என் பழைய மின்தேக்கி இரைச்சலை ஏறத்தாழ 9 டெசிபல்தான் குறைக்கும். மிச்ச மின்தடை 0.1 ஓமாக இருக்கும் சிப், 48 டெசிபல் வரை குறைக்கும். படகில் எப்படிப் பொருத்தப் போகிறோமோ அப்படியே பற்றவைத்து அளக்க வேண்டும்; நீண்ட சோதனைக் கம்பிகளோடு அளந்தால் அந்தக் கம்பிகளின் தூண்டலைத்தான் அளந்திருப்போம்.

சுருளிலும் இதே கதைதான், தலைகீழாக. மின் கம்பியில் தொடராக 100 மைக்ரோஹென்றி சோக் ஒன்றையும் போட்டிருந்தேன். கணக்குப்படி அது 16ஆம் சேனலில் 98 கிலோ ஓமுக்கு மேல் தடுக்க வேண்டும். ஆனால் அடுக்கடுக்காகச் சுற்றிய கம்பியின் சுற்றுகளுக்கு இடையே 10 பிக்கோஃபாரட் சேர்ந்தாலே போதும், அது சுருளுக்கு இணையாக நின்று 5 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும். அதற்கு மேல் இரைச்சல் சுருளுக்குள் போகாமல் அந்தத் தேக்கத்தைத் தாண்டியே குதித்துவிடும், 156.8 மெகாஹெர்ட்ஸில் மிஞ்சுவது சுமார் 100 ஓம். அதை எடுத்துவிட்டு, 1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியை 9 மில்லிமீட்டர் தண்டில் ஒரே அடுக்காக, 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு இடைவெளி விட்டு 16 சுற்றுகள் சுற்றித் தண்டை உருவிவிட்டேன். இது ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி. பொருத்திய பின் சேரும் தேக்கம் 1 பிக்கோஃபாரட் அளவில் இருந்தால் இதன் ஒத்ததிர்வும் 159 மெகாஹெர்ட்ஸ் அருகில் வரும். இணை ஒத்ததிர்வு என்பதால் இங்கே மறுப்பு உச்சத்தில் இருக்கும். 25 வாட் செட் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும் என்பதால் கம்பி தடிமனாக இருக்க வேண்டும். உள்ளே தண்டு இல்லாத சுருள் ஆதலால் ஃபெரைட்டைப் போலச் செறிந்துபோகும் தொல்லையும் இல்லை.

தடுக்கும் சோக்குக்கு ஒத்ததிர்வின் அருகாமை நன்மை. அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில் இருக்கும் சுருளுக்கு அதுவே கேடு. ஒத்ததிர்வின் பாதி அதிர்வெண்ணிலேயே சுருள் தன் மதிப்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும்.

கடைசியாக ஒன்று. பழைய 0.1 மைக்ரோஃபாரடை நான் கழற்றவில்லை. 5 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கன்வர்ட்டரின் இரைச்சலை அது நன்றாகவே வடிக்கிறது. ஆனால் அதன் 10 நானோஹென்றியும் சிப்பின் 1000 பிக்கோஃபாரடும் சேர்ந்து 48 மெகாஹெர்ட்ஸ் அருகில் தங்களுக்குள் ஓர் இணை ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. அங்கே இரண்டும் சேர்ந்திருந்தும் மறுப்பு சில பத்து ஓம் வரை ஏறிவிடும். அந்தப் படகில் அந்த அதிர்வெண்ணில் கேட்க எதுவும் இல்லாததால் அப்படியே விட்டேன். 50 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும் கருவியாக இருந்தால், பழைய மின்தேக்கியின் காலோடு ஓர் ஓம் மின்தடையைத் தொடராகச் சேர்த்து அந்த மேட்டைத் தட்டிவிட்டிருப்பேன்.