கொரியாவுக்குப் புதுசா? வாக்கியத்தை ஒட்ட சொ, நிக்கா, கோ, நுந்தே

கொரிய வாக்கியம் தமிழ் மாதிரியே வினையில்தான் முடியும். நடுவில் வரும் வினைகள் நம் எச்சங்களைப் போல வால் மாறி, அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் நமக்கு இது பாதி தெரிந்த விஷயம்தான். (கீழே குறில் ‘ஒ’ 어, நெடில் ‘ஓ’ 오.)

வேலைக்கு வந்ததும் முதலில் தேவைப்படுவது காரணம் சொல்வது. பஸ்ஸை விட்டுவிட்டுத் தாமதமாக வந்தீர்கள் என்றால், "பொசுருல் நோச்சொசொ நுஜொஸ்ஸொயோ." இறந்தகாலம் கடைசி வினையில் மட்டும்தான். காரணம் காட்டும் வாலான ‘சொ’வுக்கு முன்னால் அதைப் போடக் கூடாது. மன்னிப்புக்கும் நன்றிக்கும் இதே ‘சொ’தான்: "நுஜொசொ ஜ்வேசோங்ஹாம்னிதா", தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இங்கே ‘நிக்கா’ போட்டு "நுஜொஸ்ஸுநிக்கா..." என்று ஆரம்பித்தால் மேலாளரின் முகம் மாறும். ‘நிக்கா’ இறந்தகாலத்தை ஏற்கும், ஆனால் "லேட் ஆயிடுச்சில்ல, அதான்" என்று நியாயம் பேசுகிற தொனி வந்துவிடும். அதற்கென்று தனி இடம் உண்டு. பின்னால் கட்டளையோ "வாங்க, போகலாம்" என்ற அழைப்போ வந்தால் ‘சொ’ செல்லாது, ‘நிக்கா’தான் வேண்டும். "பிகா ஓநிக்கா உசான் காஜொகாசேயோ": மழை பெய்யுது, குடை எடுத்துட்டுப் போங்க.

ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதைச் சொல்ல ‘கோ’வும் உண்டு, ‘சொ’வும் உண்டு. "சிங்குருல் மான்னாசொ யொங்ஹ்வாருல் ப்வாஸ்ஸொயோ" என்றால் நண்பரைச் சந்தித்து அவரோடு படம் பார்த்தேன். "மான்னாகோ" என்றால் நண்பரைப் பார்த்துட்டு, அப்புறம் தனியாகப் படத்துக்குப் போனேன் என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் செயல் இரண்டாவதற்குள் தொடர்ந்து வந்தால் ‘சொ’, வெறும் வரிசை என்றால் ‘கோ’.

உடுத்துவதும் வண்டி ஏறுவதும் இந்தக் கணக்கில் சேராது. ஹெல்மெட் போட்டுக்கிட்டு உள்ளே போங்க என்பதற்கு "ஆன்ஜொன்மோருல் ஸ்ஸுகோ துரொகாசேயோ" என்பார்கள். ஹெல்மெட் தலையில் இருந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனாலும் ‘கோ’தான். பஸ்ஸில் வந்தேன் என்பதும் "பொசுருல் தாகோ வாஸ்ஸொயோ." இந்த வினைகளைத் தனியாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

‘ஆனால்’ என்பதற்குப் பாடப்புத்தகம் முதலில் காட்டுவது ‘ஜிமான்’: "மேப்ஜிமான் மாஷிஸ்ஸொயோ", காரம்தான், ஆனா ருசி. எளிது, தவறாகவும் போகாது. ஆனால் பேச்சில் காதில் அதிகம் விழுவது ‘நுந்தே’. முரணைக் காட்டுவதைவிட அது பின்னணியைச் சொல்லி நிறுத்தும். நாளை ஞாயிறு, வேலைக்கு வா என்று சொன்னால் "நேயில் யாக்சோகி இன்னுந்தேயோ..." (நாளைக்கு ஒரு ஏற்பாடு இருக்கே...) என்று இழுத்துவிட்டாலே மறுப்பு முடிந்தது, "முடியாது" என்ற சொல் வரவே வேண்டாம். யாராவது உங்களிடம் இப்படி இழுத்து நிறுத்தினால் மிச்சத்தைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். வரமாட்டார்.