8–0 வெற்றி எலோ தரப்புள்ளியைக் குழப்பாமலிருக்க

யாழ்ப்பாணத்துக் கழகங்களின் உதைபந்தாட்டத்துக்கு எலோ தரப்புள்ளி கணக்கிடும்போது, ஓர் ஆட்டம் தரப்புள்ளியை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் K-ஐக் கோல் வித்தியாசத்தால் (D) நேரே பெருக்காமல் எக்செலில் இப்படிப் போடுங்கள்:

```
K*LN(D+1)
```

1–0 வெற்றிக்குப் பெருக்கம் 0.69, 2–0க்கு 1.10, 8–0க்கு 2.20. அதாவது இரண்டாவது கோல் 0.41 கூட்டுகிறது, எட்டாவது வெறும் 0.12. அதுதான் நியாயமும்கூட: எதிரணி சோர்ந்து கைவிட்ட பிறகு விழும் கோல்கள் அணியின் பலத்தைப் பற்றிப் புதிதாக அதிகம் சொல்வதில்லை. நேரே பெருக்கினால் அந்த ஒரு ஆட்டமே எட்டு 1–0 வெற்றிகளின் எடையைப் பெற்றுவிடும்.

சமநிலையில் கவனம். D பூச்சியமானால் பெருக்கமும் பூச்சியம். பலமான அணியை மறித்த சின்னக் கழகத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அங்கே 0.69ஐயே போடுங்கள். எதிரணி வராததால் கொடுக்கும் 3–0க்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. கிரிக்கெட்டுக்கும் அப்படியே சரிவராது, ஓட்டமும் விக்கெட்டும் ஒரே அளவுகோல் அல்ல.