புரியாத மொழியில் இரு படிச் சரிபார்ப்பு: கணக்கைப் பூட்டிக்கொள்ளாமல் உள்ளே நுழைவது எப்படி?

வெளிநாட்டுப் பயணத்தில், புதிதாக வாங்கிய மடிக்கணினியில் என் மின்னஞ்சலைத் திறக்க முயன்றபோது நுழைவுப் பக்கம் முழுவதும் அரபு மொழியில் வந்தது. கடவுச்சொல்லை இட்டதும் அடுத்த திரையில் ஒரே ஒரு கட்டம் தோன்றியது. குறுஞ்செய்தியில் ஓடிபி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கட்டத்தின் கீழே இருந்த இணைப்பு "மீண்டும் அனுப்பு" என்பதாகத்தான் இருக்கும் என்று எண்ணி அழுத்தினேன். அது "இந்தச் சாதனம் என்னிடம் இல்லை" என்பதற்கான இணைப்பு. கணக்கு மீட்பு தொடங்கிவிட்டது. மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்று மாற்று மின்னஞ்சலுக்குத் தகவல் வந்தது. அந்தக் கட்டம் கேட்டதோ, என் கைபேசியின் ஆதென்டிகேட்டர் செயலியில் இருந்த ஆறு இலக்க எண்ணை மட்டுமே.

முதலில், கடவுச்சொல்லைத் தொடும் முன்பே மொழியை மாற்றிவிடுங்கள். நீங்கள் யார் என்பது உள்நுழையும் வரை தளத்துக்குத் தெரியாது; எனவே உலாவியின் மொழி அமைப்பையும் இணைய இணைப்பு இருக்கும் நாட்டையும் வைத்துத்தான் அது மொழியை ஊகிக்கிறது. பெரும்பாலான தளங்களில் பக்கத்தின் அடியில் மொழிப் பட்டியல் இருக்கும். அதில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்திலேயே இருப்பதால் "தமிழ்" என்பதைக் கண்ணால் தேடினால் போதும். கூகுள் கணக்கென்றால் முகவரியிலேயே மொழியைக் குறிப்பிடலாம்:

```
https://accounts.google.com/signin?hl=ta
```

உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியைவிட இந்த வழியையே நான் விரும்புகிறேன். குறுஞ்செய்தி எண், செயலி எண், கைபேசி கையில் இல்லாதபோது உதவும் காப்புக் குறியீடு ஆகிய மூன்றையும் இயந்திர மொழிபெயர்ப்பு சில வேளைகளில் வெறும் "குறியீடு" என்றே காட்டிவிடும். நான் தடுமாறிய இடமும் அதுதான்.

மொழியை மாற்ற இயலாவிட்டால், திரை எதைக் கேட்கிறது என்பதை எழுத்தைப் படிக்காமலே கண்டுபிடிக்க வேண்டும். இங்கே அவசரப்படாதீர்கள். புள்ளிகளுக்குப் பின் உங்கள் கைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் தெரிந்தால், கேட்கப்படுவது குறுஞ்செய்தி எண். புள்ளிகளுக்கு நடுவே @ குறி தெரிந்தால் மின்னஞ்சலைப் பாருங்கள். பெரிதாக ஓர் எண்ணைத் திரையே காட்டினால், அதே எண்ணைக் கைபேசியில் வரும் அறிவிப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் வெறும் கட்டம் மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது செயலியின் எண்ணையே கேட்கிறது. ஐயமிருந்தால் முகவரிப் பட்டையைப் பாருங்கள். பக்கம் எந்த மொழியில் இருந்தாலும் முகவரி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். கூகுளில் அந்த முகவரியில் `totp` என்று இருந்தால் செயலி, `pwd` என்று இருந்தால் கடவுச்சொல்.

அரபு, எபிரேயம் போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளில் திரையே கண்ணாடி பிம்பம்போல் திரும்பியிருக்கும். வழக்கமாக வலப்புறம் இருக்கும் "தொடர்க" பொத்தான் இடப்புறம் போய்விடும். கை பழக்கத்தில் வலப்புறத்தை அழுத்திவிடும். வண்ணம் நிரப்பிய பொத்தான்தான் பொதுவாக முன்னே செல்வது. வெறும் எழுத்தாக உள்ள இணைப்பு வேறு வழிக்கு இட்டுச் செல்வது. அந்த இணைப்பை, என்னவென்று உறுதியாகத் தெரியும்வரை தொடாதீர்கள். தெரிந்துகொள்ள, கைபேசி கேமரா வழியாகத் திரையை மொழிபெயர்த்துப் பார்க்கலாம். ஆனால் காப்புக் குறியீடுகளோ கியூஆர் கட்டமோ தெரியும் திரையை எந்த மொழிபெயர்ப்புச் செயலிக்கும் காட்டக் கூடாது.

குறுஞ்செய்தி தாமதமானால் மீண்டும் மீண்டும் அனுப்பச் சொல்லாதீர்கள். பல சேவைகளில் புதிய எண் அனுப்பப்பட்டதும் பழையது செல்லாததாகிவிடும். பிந்தி வரும் பழைய எண்ணை இட்டால் அது தவறான முயற்சியாகக் கணக்கிடப்படும்.

பிற்சேர்க்கை: செயலியின் எண்ணைச் சரியாக இட்டும் ஏற்கவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்த எண் 30 விநாடிக்கு ஒருமுறை, உலகப் பொது நேரத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அவர் பயணத்தின்போது கைபேசியில் நேர மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் மாற்றியிருந்தார். அதனால் கைபேசி கணக்கிட்ட பொது நேரமே மணிக்கணக்கில் பிசகியிருந்தது. நேரத்தைத் தானியங்கி அமைப்புக்கு மாற்றியதும் எண் ஏற்கப்பட்டது.

தவறி மீட்பைத் தொடங்கிவிட்டால், மாற்று மின்னஞ்சலுக்கு வரும் தகவலில் ரத்து செய்வதற்கான இணைப்பு உள்ளதா என்று பாருங்கள். எனக்கு வந்ததில் இருந்தது. ரத்து செய்துவிட்டு, செயலியின் எண்ணை இட்டு அன்றே உள்ளே சென்றேன். சென்றதும் காப்புக் குறியீடுகளை எடுத்துத் தாளில் எழுதி, கைபேசியோடு சேர்த்து வைக்காமல் தனியாக வைத்தேன். கூகுள் தருவது எட்டு இலக்கங்கள் கொண்ட 10 குறியீடுகள். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். புதிய தொகுப்பை உருவாக்கினால் பழைய தொகுப்பு முழுவதும் செல்லாது, ஆகவே பழைய தாளை உடனே கிழித்துவிடுங்கள்.