ரிஜிஸ்டரில் இல்லாத பில்லை எங்கே தேடுவது? ஆடிட் அசர்ஷன்கள், ஒரு நூல் வியாபாரக் கணக்கை வைத்து

ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்த புதிதில், விற்பனை ரிஜிஸ்டரிலிருந்து முப்பது பில்லை எடுத்து டிக் போட்டேன். அடியில் "விற்பனை முழுமையாகப் பதிவாகியுள்ளது" என்று எழுதினேன். சீனியர் அந்த வரியை அடித்துவிட்டுக் கேட்டார்: "ரிஜிஸ்டர்ல ஏறாத பில்லை ரிஜிஸ்டர்லயே தேடினா எப்படிப்பா கிடைக்கும்?"

அசர்ஷன் என்பது அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. "விற்பனை 12 கோடி" என்று ஒரு கம்பெனி எழுதும்போது, அது நிஜமாக நடந்தது, எதுவும் விடுபடவில்லை, தொகை சரி, இந்த வருடத்தோடது என்று பல விஷயங்களைச் சொல்லாமலே சொல்கிறது. இவைதான் அசர்ஷன்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்றுக்குச் செய்த சோதனை இன்னொன்றுக்கு உதவாமல் போகலாம்.

சர்வதேச ஆடிட் தரமான ஐ.எஸ்.ஏ. 315 இவற்றை இரண்டு குழுவாகப் பிரிக்கிறது: வருடம் முழுக்க நடந்த பரிவர்த்தனைகளுக்கு ஆறு, வருடக் கடைசியில் நிற்கும் பாக்கிகளுக்கு ஆறு. பழைய புத்தகங்களில் டிஸ்க்ளோஷர் மூன்றாவது குழுவாக இருக்கும், குழம்ப வேண்டாம்.

உதாரணத்துக்குப் பருத்தி நூல் வாங்கி விற்கும் ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கணக்கு முடிவது 2024 மார்ச் 31. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை.

படி 1: விற்பனை நிஜமா, முழுசா?

ஆக்கரன்ஸ் என்பது "பதிவான விற்பனை உண்மையில் நடந்தது" என்பது. சோதனை: ரிஜிஸ்டரிலிருந்து சில பில்லை எடுத்து, அதற்கான இ-வே பில், லாரி ரசீது, சரக்கு கிடைத்ததாக வாங்கியவர் போட்ட கையெழுத்து ஆகியவற்றைப் பாருங்கள். கம்பெனியே அச்சடித்த பில் மட்டும் இருந்தால் போதாது. வெளியாள் கைபட்ட காகிதம் ஒன்றாவது வேண்டும்.

கம்ப்ளீட்னஸ் என்பது "நடந்த விற்பனை எல்லாம் பதிவாகிவிட்டது" என்பது. இதற்கு அப்படியே திரும்பி நடக்க வேண்டும். குடோன் வாசலில் வாட்ச்மேன் எழுதும் கேட் ரிஜிஸ்டரிலிருந்து வெளியேறிய சில லோடுகளை எடுத்து, அவை விற்பனை ரிஜிஸ்டரில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். நான் முப்பது பில்லில் கோட்டை விட்டது இங்கேதான்.

இந்தத் திசை மட்டும் மனசில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. புத்தகத்திலிருந்து வெளியே போனால் பொய்யாக ஏற்றியது தெரியும். வெளியிலிருந்து புத்தகத்துக்குள் வந்தால் விடுபட்டது தெரியும்.

படி 2: தொகை

அக்யூரசி சோதனை எளிது. பில் 1187-ஐ எடுங்கள்: 40 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, கிலோ 250 ரூபாய். 2,000 கிலோவுக்கு 5,00,000. ஜி.எஸ்.டி. 5 சதவீதம் 25,000. மொத்தம் 5,25,000. விலையை ஆர்டரோடும், எடையை எடைச் சீட்டோடும் ஒப்பிடுங்கள். விற்பனைக் கணக்கில் ஏற வேண்டியது 5,00,000 மட்டும். வரி கம்பெனியின் வருமானம் இல்லை.

படி 3: எந்த வருடம்?

கட்-ஆஃப் சோதனைக்கு மார்ச் 31-க்கு முந்தைய ஐந்து பில், பிந்தைய ஐந்து பில் எடுத்து, பில் தேதியையும் சரக்கு கிளம்பிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

அதே பில் 1187-இன் தேதி மார்ச் 30. ஆனால் லாரி ரசீது ஏப்ரல் 2. இ-வே பில்லில் வண்டி நம்பர் ஏறியதும் அன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மார்ச் 31 அன்று நாம் ஸ்டாக் எண்ணியபோது அந்த 40 மூட்டையும் குடோனிலேயே இருந்தன, எண்ணிக்கையிலும் சேர்ந்துவிட்டன.

இப்போது ஒரே சரக்கு விற்பனையிலும் இருக்கிறது, இருப்பிலும் இருக்கிறது. எதைத் திருத்துவது? சரக்கின் நஷ்ட அபாயம் வாங்கியவருக்கு எப்போது மாறியது என்று ஆர்டர் நிபந்தனையைப் பார்க்க வேண்டும். டெலிவரியில்தான் மாறும் என்றால் விற்பனை அடுத்த வருடத்தது. இந்த வருட லாபம் 5,00,000 கூடுதலாக நிற்கிறது. வாங்கியவரே "வண்டி வரும் வரை உங்களிடம் இருக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்து, சரக்கைத் தனியே ஒதுக்கியும் வைத்திருந்தால் விற்பனை மார்ச்சில் நிற்கலாம். அப்போது ஸ்டாக்கிலிருந்து அடக்க விலை கிலோ 230 வீதம் 4,60,000-ஐக் கழிக்க வேண்டும். எப்படியும் ஒரு பக்கம் தப்பு. "ரெண்டு நாள்தானே சார்" என்று அக்கவுன்டன்ட் சொல்வார். சொல்லட்டும்.

படி 4: சரியான தலைப்பு

கிளாசிஃபிகேஷன்: ரிப்பேர் செலவு லெட்ஜரில் பெரிய தொகைகளின் பில்லை எடுத்துப் படியுங்கள். புது எடை மெஷின் அதில் ஒளிந்திருந்தால் அது சொத்துக்குப் போக வேண்டும். பிரசன்டேஷன்: டெபாசிட் வட்டி விற்பனை வருமானத்தோடு கலக்காமல், இதர வருமானமாகத் தனியே காட்டப்பட்டிருக்கிறதா என்று லாப நட்டக் கணக்கில் பாருங்கள்.

படி 5: குடோனுக்குப் போங்கள்

இனி பாக்கிகள். ஸ்டாக்கில் எக்ஸிஸ்டன்ஸ் என்றால் "சரக்கு இருக்கிறது". ஸ்டாக் ஷீட்டில் சில வரிகளைத் தேர்ந்து, அந்த மூட்டைகளை நேரில் எண்ணுங்கள். கம்ப்ளீட்னஸுக்கு மறுபடி திரும்பி நடங்கள்: தரையில் கிடக்கும் சில மூட்டைகளின் லாட் நம்பரைக் குறித்துக்கொண்டு ஷீட்டில் தேடுங்கள். ஓரிரு மூட்டையையாவது பிரித்துப் பாருங்கள். வெளியே ஒட்டிய லேபிள் 40 கவுன்ட் நூல் என்று சொல்லும், உள்ளே கழிவுப் பஞ்சு இருக்கலாம்.

கண்ணால் பார்த்தது கம்பெனியுடையது என்று ஆகிவிடாது. "சரக்கு கம்பெனிக்குச் சொந்தம்" என்பதுதான் ரைட்ஸ். விற்றுக் கொடுக்கச் சொல்லி மில் கன்சைன்மென்டில் அனுப்பிய நூலும் அதே குடோனில் அதே நிறப் பையில் அடுக்கியிருக்கும். எண்ணிய லாட்களில் சிலவற்றுக்குக் கொள்முதல் பில்லைக் கேளுங்கள். பில்லுக்குப் பதில் டெலிவரி சலான் மட்டும் நீட்டினால், சரக்கு இன்னும் மில்லுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 6: என்ன விலை போகும்?

வேல்யுவேஷன்: ஸ்டாக் மதிப்புக்கான கணக்குத் தரம் ஏ.எஸ். 2-இன்படி அடக்க விலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலை, இரண்டில் குறைந்ததைப் போட வேண்டும். ஏப்ரல், மே பில்களைப் பாருங்கள். கிலோ 230-க்கு வாங்கிய ஒரு லாட் 215-க்கு விற்று, அதில் புரோக்கரேஜ் 2 ரூபாய் போயிருந்தால் நிகரம் 213. மார்ச் இறுதியிலேயே விலை விழுந்திருந்தால், 6,000 கிலோவுக்கு 1,02,000 ரூபாயைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கடனாளி பாக்கியிலும் புதியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். "ஆமாம், 8 லட்சம் தர வேண்டும்" என்று கஸ்டமர் கன்ஃபர்மேஷனில் கையெழுத்துப் போட்டால் பாக்கி இருப்பது உறுதி. அவர் தருவார் என்பது உறுதியில்லை. அதற்கு வருட முடிவுக்குப் பின் பேங்கில் பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

படி 7: பேலன்ஸ் ஷீட்டில் எங்கே?

கிளாசிஃபிகேஷனுக்குக் கடனாளி பட்டியலில் கிரெடிட் பாக்கி உள்ள பெயர்களை வடிகட்டுங்கள். அவர்கள் அட்வான்ஸ் கொடுத்தவர்கள். கடனாளிகளோடு கழித்துக் காட்டாமல் பொறுப்புப் பக்கம் நகர்த்த வேண்டும்.

கடைசியாக பிரசன்டேஷன். கம்பெனிச் சட்டத்தின் ஷெட்யூல் 3 கேட்கும் கடனாளி வயதுப் பட்டியலில் ஆறு மாதத்துக்குக் குறைவு என்று காட்டிய சில பில்களை எடுத்து, பணம் தர வேண்டிய தேதியிலிருந்து நீங்களே எண்ணிப் பாருங்கள். கெடு தேதி குறிக்காத பில் என்றால் பரிவர்த்தனை தேதியிலிருந்து எண்ண வேண்டும்.