ரப்பர் தோசை யார் தப்பு?

சிங்கப்பூர் தேக்காவில் இருக்கும் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு வந்த ஒரு மாதப் புகார்களை, வாட்ஸ்அப்பிலிருந்தும் டெலிவரி ஆப்பிலிருந்தும் எடுத்து ஒரே எக்செல் தாளில் கொட்டினேன். பொருள், டெலிவரி, சேவை என்று மூன்று பிரிவு. வாடிக்கையாளர் சொன்னதை அப்படியே வைத்துப் பிரித்தால் பாதிக்கு மேல் பொருள்தான்: "தோசை ரப்பர் மாதிரி இருக்கு." மாஸ்டருக்குக் கோபம். நியாயம்தான், கடையில் உட்கார்ந்து சாப்பிட்ட யாரும் அப்படிச் சொல்லவில்லையே.

அதனால் ஒவ்வொரு புகாருக்குப் பக்கத்திலும் பேக் செய்த நேரம், ரைடர் எடுத்த நேரம், வீட்டில் கொடுத்த நேரம் மூன்றையும் எழுதினேன். ரப்பர் தோசை எல்லாமே வெள்ளி, சனி இரவு. மூடிய டப்பாவில் கவுண்டரிலேயே அரை மணி நேரம் கிடந்து தன் ஆவியில் ஊறியவை. அவற்றை டெலிவரிக்கு மாற்றினேன். "போன் எடுக்கவில்லை" என்பதும் பெரும்பாலும் தாமதத்தின் வால்தான். ஓர் ஆர்டருக்கு முதல் காரணத்தை மட்டும் எண்ணினேன். பொருள் பக்கம் மிஞ்சியது சாம்பார் உப்பு.

இப்போது ரைடர் பக்கத்தில் வந்த பிறகே கல்லில் மாவு ஊற்றுகிறோம், டப்பா மூடியில் துளையும் போடுகிறோம். வார இறுதியில் ஆர்டரே அதிகம் என்பதால், நூறு ஆர்டருக்கு எத்தனை புகார் என்றுதான் அடுத்த மாதத்தோடு ஒப்பிட்டேன். தோசைப் புகார் நன்றாகவே குறைந்தது. பூரி மட்டும் மசியவில்லை. உட்லண்ட்ஸ் மாதிரி தூர ஆர்டர்களுக்கு அதை நிறுத்திவிட்டோம்.