லீவ் மெசேஜ் குரூப் மாறிப் போனால்

என் தங்கை கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். போன வாரம் காலை ஏழு மணிக்கு, "மாதவிடாய் வலி அதிகம், இன்று லீவ் வேண்டும்" என்று தன் பிரிவு குரூப்புக்கு அனுப்ப நினைத்தாள். போனதோ காய் ஏற்றி வரும் லாரிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு.

பதற்றத்தில் Delete for me அழுத்திவிட்டாள். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். நம் போனில் மட்டும் மறையும், மற்றவர்களுக்கு அப்படியே இருக்கும். பிறகு நாமே அதை அழிக்கவும் முடியாது. நல்லவேளை, கீழே சில விநாடிகள் Undo தெரியும். அதைத் தொட்டதும் மெசேஜ் திரும்ப வந்தது. அப்புறம் அழுத்திப் பிடித்து Delete for everyone கொடுத்தாள். இதற்கு இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் உண்டு, ஆனால் அதற்குள் படித்தவர்கள் படித்ததுதான். அழிக்கும் முன் Info பார்த்தால் யார் படித்தார்கள் என்று தெரியும். அவளுடையதை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.

அழித்த தடயம் குரூப்பில் நிற்குமே, அதனால் "தவறுதலாக வந்தது, மன்னிக்கவும் அண்ணா" என்று ஒரே வரி போட்டாள். காரணம் சொல்லவில்லை, அதுவே சரி. உடனே மேலாளருக்குப் போன் செய்து லீவ் சொன்னாள். "சரிம்மா, ரெஸ்ட் எடு" என்றாராம்.